கூர்மை ஒரு படத்திலிருந்து, நிறம் இன்னொரு படத்திலிருந்து!

செயற்கைக்கோள் எடுத்த வண்ணப் படங்களை நம் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, இவை அனைத்தும் நம் டிஜிட்டல் கேமரா எடுப்பது போல ஒரே கிளிக்கில் எடுக்கப்பட்டவை என்றுதான் நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பல செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை இரண்டு விதமாகப் படம் எடுக்கின்றன. ஒன்று, நுணுக்கமான கறுப்பு வெள்ளைப் படம். மற்றொன்று, நுணுக்கம் குறைந்த வண்ணப் படம். இந்த இரண்டையும் தரையில் உள்ள கம்ப்யூட்டரில் கலந்துதான் கூர்மையான வண்ணப் படத்தைத் தயாரிக்கிறார்கள். 1999ல் ஏவப்பட்ட ஐகோனோஸ் செயற்கைக்கோள் கறுப்பு வெள்ளையில் ஒரு மீட்டர் அளவையும், வண்ணத்தில் நான்கு மீட்டர் அளவையும் பிரித்துக் காட்டியது. மக்கள் பார்த்த ஒரு மீட்டர் வண்ணப் படம் இந்த இரண்டின் கலவை.

இந்தக் கலவைக்கு பான் ஷார்ப்பனிங் என்று பெயர். இதனை நம் வீட்டு கம்ப்யூட்டரிலேயே, காசு செலவில்லாமல் செய்து பார்க்கலாம். சென்னை நகரின் படத்தை எடுத்துக் கொண்டு நான் செய்த முறையை இங்கு தருகிறேன். அதோடு, இப்படிக் கிடைக்கும் படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியுள்ளது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஏன் இரண்டு படங்கள்?

முதலில் ஒரு நியாயமான கேள்வி. நுணுக்கமான படத்தையே வண்ணத்தில் எடுத்துவிட்டால் என்ன? தடையாக இருப்பது வெளிச்சம். நாம் பயன்படுத்தப் போகும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வண்ணப் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கொண்ட ஒரு சதுரம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல் 15 மீட்டருக்கு 15 மீட்டர். பரப்பில் இது நான்கில் ஒரு பங்கு. எனவே அங்கிருந்து வரும் வெளிச்சமும் நான்கில் ஒரு பங்குதான். இந்தச் சிறிதளவு வெளிச்சத்திலும் சிவப்பை மட்டும், நீலத்தை மட்டும் என்று வடிகட்டினால் மிஞ்சுவது மிகக் குறைவு. படம் புள்ளி புள்ளியாகிவிடும். கறுப்பு வெள்ளை பேண்டோ 500 முதல் 680 நானோமீட்டர் வரை, அதாவது பச்சையில் தொடங்கிச் சிவப்பு வரை வரும் வெளிச்சம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கிக் கொள்கிறது. அதனால் சிறிய சதுரத்திலும் போதுமான வெளிச்சம் கிடைக்கிறது.

கீழே அனுப்ப வேண்டிய டேட்டாவும் குறைகிறது. 30 மீட்டர் சதுரம் ஒன்றுக்கு மூன்று வண்ண எண்கள், நான்கு கறுப்பு வெள்ளை எண்கள் என மொத்தம் ஏழு எண்களே தேவை. நான்கு சிறிய சதுரங்களுக்கும் மூன்று வண்ணங்கள் என்றால் பன்னிரண்டு எண்கள் ஆகும்.

படத்தை இறக்குவோம்

இன்டர்நெட்டில் earthexplorer.usgs.gov என்ற தளத்திற்குச் செல்லுங்கள. இது அமெரிக்க நில ஆய்வுத் துறையின் தளம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகத் தரப்படுகின்றன. உங்கள் பெயரைப் பதிவு செய்து கொண்டால் போதும். தேடும் இடத்தில் Path என்பதில் 142, Row என்பதில் 51 எனக் கொடுத்தால் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் உள்ள படங்கள் கிடைக்கும். செயற்கைக்கோள் 16 நாட்களுக்கு ஒரு முறை காலை நேரத்தில் இந்தப் பக்கம் வருகிறது. மேகம் குறைவான ஒரு நாளின் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஓர் இடத்தில் கவனம் தேவை. Level-1, Level-2 என இரண்டு வகைப் படங்கள் இருக்கும். இரண்டாவதுதான் மேம்பட்டது என்று பலரும் அதை இறக்கிவிடுவார்கள். காற்று மண்டலத்தின் பாதிப்பை நீக்கித் தருவதால் அது நல்ல படம்தான். ஆனால் அதில் கறுப்பு வெள்ளை பேண்ட் இருக்காது. நமக்கு வேண்டியது Level-1.

ஒவ்வொரு பேண்டும் தனித்தனி பைலாக வரும். பைல் பெயரின் கடைசியில் உள்ள B2 நீலம், B3 பச்சை, B4 சிவப்பு, B8 கறுப்பு வெள்ளை. இந்த நான்கு மட்டும் போதும். இவற்றை C டிரைவில் sat என்ற போல்டரில் போட்டு, B2.TIF, B3.TIF, B4.TIF, B8.TIF எனச் சுருக்கமாகப் பெயர் மாற்றிக் கொள்ளுங்கள். இந்த பைல்களை விண்டோஸில் சாதாரணமாகப் படம் பார்க்கும் புரோகிராமில் திறந்தால் படம் இருட்டாகத் தெரியலாம். பைல் கெட்டுவிட்டதோ எனப் பயப்பட வேண்டாம். இவை 16 பிட் படங்கள்.

QGIS என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்யுங்கள். படத்தை அதில் இழுத்துப் போட்டால் வெளிச்சத்தைத் தானே சரி செய்து காட்டும். இதனுடன் OSGeo4W Shell என்ற கறுப்புத் திரையும் சேர்ந்து வரும். நம் வேலை அந்தத் திரையில்தான். மெனு வழியாகவும் செய்யலாம் என்றாலும், கட்டளையாக டைப் செய்தால் என்ன நடக்கிறது என்பது தெளிவாகப் புரியும்.

வெட்டி, கலந்து...

முழுப் படத்தையும் கலந்தால் விடை பைல் சுமார் 1.4 ஜிபி அளவுக்கு வரும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை 36 கிலோமீட்டர் நீளம், 24 கிலோமீட்டர் உயரம் கொண்ட ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொள்வோம்.

```
cd C:\sat
gdal_translate -projwin 394000 1452000 430000 1428000 B8.TIF pan.tif
gdal_translate -projwin 394000 1452000 430000 1428000 B4.TIF red.tif
```

இதே போல B3 பைலை green.tif என்றும், B2 பைலை blue.tif என்றும் வெட்டிக் கொள்ளுங்கள். இந்த எண்கள் வரைபடத்தில் மீட்டர் கணக்கில் உள்ள இடங்கள். வண்ணப் படம் ஏறத்தாழ 1200க்கு 800 பிக்சல், கறுப்பு வெள்ளைப் படம் 2400க்கு 1600 பிக்சல் வரும். இப்போது கலக்கும் கட்டளை:

```
gdal_pansharpen.py -w 0.45 -w 0.45 -w 0.1 -r cubic pan.tif red.tif green.tif blue.tif sharp.tif
```

உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடவில்லை எனில் .py என்பதை நீக்கிவிட்டு டைப் செய்து பாருங்கள். பைல்களின் எல்லைகள் சற்று மாறுபடுவதாக ஓர் எச்சரிக்கை வரலாம். படத்தின் விளிம்பில் மட்டுமே அதன் விளைவு இருக்கும் என்பதால் விட்டுவிடலாம்.

இதற்கு ஏன் இந்தக் கட்டளைகள், போட்டோ எடிட்டிங் புரோகிராமில் வண்ணப் படத்தை இரண்டு மடங்காக்கி மேலே ஒட்டினால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. லேண்ட்சாட்டில் நான்கு சிறிய சதுரங்கள் ஒரு பெரிய சதுரத்திற்குள் கச்சிதமாக அடங்குவதில்லை. முழுப் படத்தில் வண்ண பைலின் அகலம் 7651 பிக்சல் என்றால் கறுப்பு வெள்ளை பைலின் அகலம் 15301 பிக்சல் இருக்கும். இரண்டு மடங்குக்கு ஒன்று குறைவு! இரண்டின் மூலைகளும் ஏழரை மீட்டர் விலகி நிற்கின்றன. மூலைக்கு மூலை வைத்து ஒட்டினால் ஒவ்வொரு கட்டடத்தின் ஓரத்திலும் நிறம் பிசிறடிக்கும். மேலே தந்த கட்டளை பிக்சல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. தரையில் உள்ள இடத்தைப் பார்த்தே பொருத்துகிறது.

sharp.tif பைலை QGIS புரோகிராமில் திறந்து, மீனம்பாக்கம் விமான நிலையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விமான ஓடுதளத்தின் அகலம் 45 மீட்டர். வண்ணப் படத்தில் அது ஒன்றரை பிக்சல். எனவே ரம்பப் பல் போன்ற ஒரு கோடாகத் தெரியும். கலந்த படத்தில் அது மூன்று பிக்சல் அகலம் பெற்று, ஓரம் நேராகிவிடுகிறது. சிறிய ஓடுதளம் அடையாற்றைப் பாலத்தின் மேல் கடக்கும் இடமும் தெளிவடைகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையும் பார்க்கலாம். இருண்ட கடலுக்கு நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு என்பதால் அங்கே மாற்றம் உடனே கண்ணில் படும்.

உள்ளே நடக்கும் கணக்கு

இந்தக் கட்டளை பயன்படுத்தும் முறைக்கு ப்ரோவி என்று பெயர். கணக்கு மிக எளிது. ஓர் இடத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அங்குள்ள எண்ணை இந்தச் சராசரியால் வகுக்கிறது. வரும் விடையால் மூன்று வண்ணங்களையும் பெருக்குகிறது. அவ்வளவுதான்.

ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு 30 மீட்டர் சதுரத்தை எடுத்துக் கொள்வோம். பாதி சிமென்ட் தரை, பாதி புல் என்று வைத்துக் கொள்ளுங்கள். புரிவதற்காகச் சிறிய எண்களைத் தருகிறேன். தரையின் உண்மையான நிறம் சிவப்பு 90, பச்சை 90, நீலம் 90. அதாவது சுத்தமான சாம்பல் நிறம். புல்லின் உண்மையான நிறம் 30, 50, 10. செயற்கைக்கோளின் வண்ணப் படத்தில் இரண்டும் கலந்து 60, 70, 50 என ஒரே பிக்சலாகப் பதிவாகும். இதன் சராசரி 60.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இவை தனித்தனியே இருக்கும். தரை 90, புல் 30. இப்போது வகுத்தால் தரைக்கு ஒன்றரை, புல்லுக்கு அரை. பெருக்கிப் பார்ப்போம். தரை 90, 105, 75 ஆகிறது. புல் 30, 35, 25 ஆகிறது.

உண்மையான நிறத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே சரி. தரை வெளிச்சமாகவும் புல் இருட்டாகவும் பிரிந்து, நடுவில் கூர்மையான எல்லை வந்துவிட்டது. ஆனால் சாம்பல் நிறத் தரையில் பச்சை ஏறிவிட்டது. புல்லின் பச்சை வெளுத்துவிட்டது. காரணம், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே குடையில் நிற்பது போல, அந்தச் சதுரத்திற்குள் உள்ள அனைத்துக்கும் ஒரே நிறக் கலவைதான் பங்கு வைக்கப்பட்டுள்ளது. எல்லைக் கோடு கறுப்பு வெள்ளைப் படம் கண்டது. எல்லைக்கு இருபுறமும் பூசிய நிறத்தை யாரும் காணவில்லை.

ஏரி ஓரத்துப் பச்சை

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அண்மையில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். நான் கலந்து வைத்திருந்த செம்பரம்பாக்கம் படத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். "தம்பி, ஏரி ஓரத்துல ஒரு பச்சைப் பட்டை ஓடுது பாருங்க. தண்ணி பின்வாங்கி, செடி முளைச்சிருக்கு. இதை அளந்து கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிடலாமா?" என்றார். ஏரிகள் சுருங்குவது பற்றி அவருக்கு நெடுநாள் கவலை.

"சார், மனுவுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துடலாம்" என்று, pan.tif பைலைத் தனியாகத் திறந்து காட்டினேன். அந்தப் பட்டை நிஜமாகவே 15 மீட்டர் அகலத்தில் தனியாக இருந்தால், கறுப்பு வெள்ளையிலும் தண்ணீரிலிருந்தும் கரையிலிருந்தும் மாறுபட்ட ஒரு கோடாகத் தெரிய வேண்டும். சில இடங்களில் தெரிந்தது. பல இடங்களில் கறுப்பிலிருந்து நேராக வெளிச்சத்திற்குத் தாவியது. அங்கெல்லாம் நடுவே எதுவும் இல்லை. தண்ணீரும் கரையும் கலந்த வண்ணப் பிக்சலின் நிறம் ஓரத்தில் வழிந்து பட்டையாகத் தெரிந்திருக்கிறது. கலந்த படத்தில் ஒரு சிறு பொருள் கண்ணில் பட்டால், கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. நிறத்தில் மட்டும் இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆசிரியர் விடவில்லை. செடியையும் தண்ணீரையும் எண்களாலேயே பிரித்துக் காட்டும் சூத்திரங்கள் உண்டு, அதைக் கலந்த படத்தில் போட்டால் 15 மீட்டர் துல்லியத்தில் பரப்பு கிடைக்குமே என்றார். நல்ல கேள்வி. இத்தகைய சூத்திரங்கள் இரண்டு பேண்டுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத் தொகையால் வகுப்பவை. நம் ஓடுதள எண்களிலேயே பச்சையையும் சிவப்பையும் கொண்டு சோதித்துப் பாருங்கள்:

```
(70-60)/(70+60)   = 10/130 = 1/13
(105-90)/(105+90) = 15/195 = 1/13
(35-30)/(35+30)   = 5/65   = 1/13
```

முதல் வரி பழைய வண்ணப் படம். அடுத்த இரண்டும் கலந்த படத்தில் தரையும் புல்லும். விடை எல்லாம் ஒன்றே! எல்லா வண்ணங்களையும் ஒரே எண்ணால் பெருக்கியதால், வகுக்கும்போது அந்த எண் அடிபட்டுப் போகிறது. கறுப்பு வெள்ளைப் படம் தந்த நுணுக்கம் முழுவதும் அதோடு காணாமல் போய்விடுகிறது. கோப்பு பெரிதாகும், பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்காகும், ஆனால் அளவில் துல்லியம் துளியும் கூடாது. பரப்பைக் கணக்கிட மூல வண்ண பைல்களையே எடுங்கள். ஆசிரியர் இப்போது Level-2 படங்களை இறக்கி, கோடைக்கும் மழைக்காலத்திற்கும் தனித்தனியே ஏரியை அளந்து கொண்டிருக்கிறார். அந்த வேலைக்கு அதுவே சரியான பைல்.

நிறம் மாறினால் எப்படி அறிவது?

கட்டளையில் 0.45, 0.45, 0.1 எனக் கொடுத்தோம் அல்லவா? சராசரி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தரும் பங்கு அது. நான் மேலே கணக்குப் போட்டபோது எளிமைக்காகச் சம பங்கு வைத்தேன். உண்மையில் லேண்ட்சாட் 8 கறுப்பு வெள்ளை பேண்ட் நீல ஒளியை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. நீலம் 450 முதல் 510 நானோமீட்டர் வரை. கறுப்பு வெள்ளை தொடங்குவதே 500ல்தான். -w எதுவும் தராவிட்டால் புரோகிராம் மூன்றுக்கும் சம பங்கு வைத்துவிடும். அப்போது நீலம் மிகுந்த இடங்களில் சராசரி தேவைக்கு மேல் உயர்ந்து, வகுத்தல் விடை சிறுத்து, கடல் இருண்டு போகும்.

இதனைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. கலந்த படத்தை மீண்டும் 30 மீட்டருக்குச் சுருக்குங்கள்.

```
gdalwarp -tr 30 30 -r average sharp.tif check.tif
```

இந்தப் படமும் மூல வண்ணப் படமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கலந்ததால் நிறம் மாறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். QGIS புரோகிராமில் கடல், மெரினா மணல், கிண்டிப் பக்கத்து மரங்கள் என மூன்று இடங்களில் கிளிக் செய்து, இரண்டு படங்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். -w இல்லாமல் ஒரு முறை கலந்து அதையும் இதே போல் சோதித்தால், பங்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஆனால் இந்தச் சோதனையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஓடுதள எண்களுக்குத் திரும்புங்கள். 90, 105, 75 என்பதையும் 30, 35, 25 என்பதையும் சராசரி எடுத்தால் 60, 70, 50. மூலப் படத்தின் அதே எண்கள்! தரை பச்சையேறிக் கிடந்தாலும் சோதனையில் நூற்றுக்கு நூறு. ஒட்டுமொத்த நிறம் மாறியதா என்பதற்கு மட்டுமே இது சாட்சி. 15 மீட்டர் சதுரத்தின் நிறம் சரியா என்பதை இந்த இரண்டு படங்களை வைத்துக் கொண்டு எந்தச் சோதனையாலும் சொல்ல இயலாது.

கடைசியாக, அகச்சிவப்பு ஒளியில் மரங்களைச் சிவப்பாகக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். லேண்ட்சாட் 8ல் அதற்கான B5 பேண்டை இந்த முறையில் கூர்மையாக்க முயல வேண்டாம். அந்த ஒளியில் மரம் மிகப் பிரகாசமானது. கறுப்பு வெள்ளை பேண்டிலோ மரம் இருட்டு, பக்கத்து மொட்டை மாடி வெளிச்சம். எனவே மாடி மரம் போலப் பிரகாசிக்கும், மரம் மங்கிப் போகும். பூங்காக்களின் ஓரங்கள் தலைகீழாகும். அத்தகைய படம் வேண்டுமெனில் லேண்ட்சாட் 7 சேமிப்பில் தேடுங்கள். அதன் கறுப்பு வெள்ளை பேண்ட் 520 முதல் 900 நானோமீட்டர் வரை, அகச்சிவப்பையும் சேர்த்துப் பார்த்தது. அதில் அகச்சிவப்பு B4, கறுப்பு வெள்ளை இங்கும் B8. 1999 முதல் 2003 மே மாதம் வரை உள்ள படங்களை எடுங்கள். அந்த மாத இறுதியில் அதன் ஸ்கேன் லைன் கரெக்டர் பழுதாகிவிட்டதால், பிந்தைய படங்களில் கறுப்புப் பட்டைகள் ஓடும்.